புள்ளியிலிருந்து புறப்படும் இலக்கங்கள்

156 என்ற எண்ணை இரும எண்ணாக மாற்றச் சொன்னால் பிளஸ் ஒன் கணினி அறிவியல் வகுப்பில் பெரும்பாலும் இரண்டு விதமான விடைகள் வந்து சேரும். ஒருவர் 10011100 என்று எழுதியிருப்பார். இன்னொருவர் 00111001 என்று எழுதியிருப்பார். இருவரும் இரண்டால் வகுத்துக்கொண்டே போயிருப்பார்கள். வகுத்ததில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் இரண்டாமவர் எழுதியதன் மதிப்பு 156 அல்ல, 57. மீதிகளை எந்தத் திசையில் படிப்பது என்ற ஒரே இடத்தில் அவர் கோட்டை விட்டிருக்கிறார்.

இதற்கு வகுப்பறையில் ஒரு கைவைத்தியம் உண்டு. மீதிகளின் ஓரமாகக் கீழிருந்து மேலே போகும் அம்புக்குறி ஒன்றைப் போட்டு, "இப்படித்தான் படிக்கணும்" என்று ஆசிரியர் சொல்வார். அடுத்த வாரம் பின்ன எண்கள் வரும். அங்கே வகுத்தல் இல்லை, பெருக்கல். அம்புக்குறியும் மேலிருந்து கீழே இறங்கும். தேர்வு நாளில் எந்த அம்பு எதற்கு என்பது குழம்பிப்போகும். உண்மையில் இரண்டு அம்புகளும் ஒரே விதியைத்தான் சொல்கின்றன. அந்த விதி பிடிபட்டால் அம்புக்குறியை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

அணாவும் தம்பிடியும் புழங்கிய காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த விதி கைப்பழக்கமாகவே இருந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. கல்லாவில் 1000 தம்பிடி சேர்ந்திருக்கிறது என்றால் அது எத்தனை ரூபாய்? கணக்குப்பிள்ளை முதலில் 12-ஆல் வகுப்பார். 83 அணா, மீதி 4. பிறகு 83-ஐ 16-ஆல் வகுப்பார். 5 ரூபாய், மீதி 3. பேரேட்டில் அவர் எழுதுவது 5 ரூபாய் 3 அணா 4 தம்பிடி. முதலில் கிடைத்த மீதியான 4 கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, ஏனென்றால் அந்த 4 என்பது தம்பிடி என்று அவருக்குத் தெரியும். அணாவாகச் சேர முடியாமல் தங்கிப்போன சில்லறை அது. சில்லறை எப்போதும் கடைசியில்தான் எழுதப்படும்.

இரண்டால் வகுக்கும்போதும் நடப்பது இதேதான். 156 ஒன்றுகளை இரண்டிரண்டாகக் கட்டுகிறோம். 78 கட்டுகள் கிடைக்கின்றன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த 78 கட்டுகளை மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 39 நான்குகள். 39-ஐச் சேர்த்தால் 19 எட்டுகள் கிடைக்க, ஒரு நான்கு மிஞ்சுகிறது. முழுக் கணக்கு இதோ:

```
156 ÷ 2 = 78   மீதி 0   (ஒன்றுகள்)
 78 ÷ 2 = 39   மீதி 0   (இரண்டுகள்)
 39 ÷ 2 = 19   மீதி 1   (நான்குகள்)
 19 ÷ 2 =  9   மீதி 1   (எட்டுகள்)
  9 ÷ 2 =  4   மீதி 1   (16-கள்)
  4 ÷ 2 =  2   மீதி 0   (32-கள்)
  2 ÷ 2 =  1   மீதி 0   (64-கள்)
  1 ÷ 2 =  0   மீதி 1   (128-கள்)
```

ஒவ்வொரு மீதிக்கும் பக்கத்தில் அது எந்த இடத்துக்கு உரியது என்று எழுதிவிட்டால் படிக்கும் திசை தானாக முடிவாகிவிடும். பெரிய இடம் இடதுபக்கம், சிறிய இடம் வலதுபக்கம் என்பது நாம் அன்றாடம் எண் எழுதும் வழக்கம். அதன்படி 128-இல் தொடங்கி எழுதினால் 10011100. சரிதானா என்று பார்க்க 128, 16, 8, 4 ஆகியவற்றைக் கூட்டினால் போதும்: 156.

இதைவிட அழகான சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது. விடையை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே, கையிலுள்ளதை இரட்டித்து அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 1-இல் தொடங்கினால் 2, 4, 9, 19, 39, 78, 156 என்று வரும். மேலே உள்ள ஈவுகளின் வரிசையைக் கீழிருந்து படித்தால் அதே எண்கள்தான். வகுத்து இறங்கிய படிகளிலேயே பெருக்கி ஏறுகிறோம். எங்காவது ஒரு படியில் எண் ஒத்துப்போகாவிட்டால் பிழை நேர்ந்தது அந்தப் படியில்தான். முழுக் கணக்கையும் அழித்து எழுத வேண்டியதில்லை.

தலைகீழாகப் படித்த விடையை ஒரே பார்வையில் பிடித்துவிடவும் வழி உண்டு. இரட்டைப்படை எண்ணின் இரும வடிவம் 0-இல் முடிய வேண்டும், ஒற்றைப்படை எண்ணுடையது 1-இல் முடிய வேண்டும். 156 இரட்டைப்படை, 00111001 என்ற விடை 1-இல் முடிகிறது. அங்கேயே மாட்டிக்கொண்டது. முழு எண்ணுக்கான விடை 0-இல் தொடங்குவதும் சந்தேகத்துக்கு உரியதுதான்.

இன்னொரு பிழை, ஈவு 1 ஆனதும் நிறுத்திவிடுவது. 'ஒன்றை எப்படி இரண்டால் வகுப்பது?' என்ற தயக்கம்தான் காரணம். ஈவு 0, மீதி 1 என்று அந்தக் கடைசி வரியையும் எழுதியாக வேண்டும். விட்டுவிட்டால் 0011100 என்று வரும். அதன் மதிப்பு 28. காணாமல்போனது 128 என்ற மிகப் பெரிய இடம். நிறுத்த வேண்டிய இடம் ஈவு 0 ஆகும்போதுதான், அதற்கு முன் அல்ல.

நடுவில் வரும் பூஜ்ஜியங்களையும் 'மீதிதான் இல்லையே' என்று தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. 1030-ஐ 8 அடிமானத்துக்கு மாற்றிப் பாருங்கள். முதலில் மீதி 6, அடுத்து 0, அடுத்து 0, கடைசியாக 2. விடை 2006. பூஜ்ஜியங்களை விழுங்கினால் 26. அதன் மதிப்பு வெறும் 22.

கால்குலேட்டர் கையில் இருந்தால் வேறு மாதிரி வில்லங்கம். 16 அடிமானத்துக்கு மாற்ற 156-ஐ 16-ஆல் வகுத்தால் திரையில் 9.75 என்று வரும். மீதி 75 என்றோ 7 என்றோ எழுதிவிடத் தோன்றும். அந்த .75 மீதி அல்ல, மீதியைப் 16-ஆல் வகுத்ததன் விளைவு. அதை மறுபடி 16-ஆல் பெருக்கினால்தான் உண்மையான மீதி கிடைக்கும்: 12. பதினாறு அடிமானத்தில் 12 என்பது ஒரே இலக்கம். அதற்கு C என்ற எழுத்து. எனவே 156 என்பது 9C. இந்த எழுத்துகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. 2748-ஐ இப்படி மாற்றும்போது வரும் மீதிகள் 12, 11, 10. அவற்றை அப்படியே அடுக்கி 101112 என்று எழுதினால் அது ஆறு இலக்க எண்ணாகிவிடும். சரியான விடை மூன்றே இலக்கம்: ABC.

இலக்கங்கள் தலைகீழாக வந்து விழுவது மாணவர்களின் தொல்லை மட்டுமல்ல, நிரல் எழுதுகிறவர்களின் தொல்லையும்கூட. கணினிக்குள் எண் இரும வடிவில் இருக்கிறது. அதைத் திரையில் 156 என்று காட்ட வேண்டுமானால் பத்தால் வகுத்து மீதி எடுப்பதுதான் நேர்வழி. முதலில் 6 வரும், பிறகு 5, பிறகு 1. வந்தவுடன் அச்சிட்டால் திரையில் 651 என்று தெரியும். பிரையன் கெர்னிஹனும் டென்னிஸ் ரிட்சியும் சி மொழிக்காக எழுதி 1978-இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலில் எண்ணை எழுத்துச் சரமாக்கும் `itoa` என்றொரு செயற்கூறு இருக்கிறது. அது இலக்கங்களைத் தலைகீழாகவே சேர்த்துவைத்து, கடைசியில் `reverse` என்ற இன்னொரு செயற்கூறைக் கூப்பிட்டுத் திருப்பிப்போடுகிறது. அம்புக்குறி அங்கே ஒரு வரி நிரலாக நிற்கிறது, அவ்வளவுதான்.

இனி புள்ளிக்கு வலப்பக்கம் போகலாம். இங்கும் பழைய ரூபாய் துணைக்கு வரும். 13 அணா என்பது 0.8125 ரூபாய். எண்சுவடி படித்தவர்கள் இதை 'முக்காலே வீசம்' என்பார்கள். முக்காலும் அதோடு பதினாறில் ஒன்றான வீசமும். தமிழ்ப் பின்னங்களில் அரை, கால், அரைக்கால், வீசம் என்ற வரிசை ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. இரும எண்ணில் புள்ளிக்கு அடுத்து வரும் முதல் நான்கு இடங்களின் மதிப்பும் இவையேதான். எனவே 0.8125-ஐ இரும எண்ணாக மாற்றுவது என்றால், இதில் அரை உண்டா, கால் உண்டா, அரைக்கால் உண்டா, வீசம் உண்டா என்று வரிசையாகக் கேட்பதுதான்.

கேட்கும் முறை பெருக்கல். ஒரு ரூபாயில் இரண்டு அரை ரூபாய் இருப்பதால், இரண்டால் பெருக்கினால் 'எத்தனை அரை ரூபாய்' என்ற கணக்கு வரும்.

```
0.8125 × 2 = 1.625   இலக்கம் 1   (அரை)
0.625  × 2 = 1.25    இலக்கம் 1   (கால்)
0.25   × 2 = 0.5     இலக்கம் 0   (அரைக்கால்)
0.5    × 2 = 1.0     இலக்கம் 1   (வீசம்)
```

1.625 என்றால் ஒரு முழு அரை ரூபாய் கிடைத்துவிட்டது, இன்னும் .625 அரை ரூபாய் பாக்கி. கிடைத்த 1-ஐ எடுத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, பாக்கியை மட்டும் மறுபடி பெருக்க வேண்டும். 1-ஐ எடுக்காமல் 1.625-ஐயே பெருக்கினால் 3.25 வரும். இரும எண்ணில் 3 என்று ஒரு இலக்கமே கிடையாது. பெருக்கலில் 2-ஓ 3-ஓ தலைகாட்டினால் முந்தைய வரியில் முழு எண்ணைக் கழற்ற மறந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முதலில் கிடைத்தது அரை. அது புள்ளியை ஒட்டி உட்காரும். அடுத்தது கால், அதற்கு வலப்பக்கம். ஆகவே மேலிருந்து கீழாக 0.1101. கீழிருந்து படித்தால் 0.1011 வரும், அதன் மதிப்பு 0.6875, அதாவது 11 அணா. இரண்டு அணா நட்டம்.

இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்தால் அந்த ஒரே விதி கண்ணுக்குத் தெரியும். முழு எண்ணை வகுத்தபோது முதலில் வந்தது ஒன்றுகளின் இடம். அது புள்ளிக்கு உடனே இடப்பக்கம். பின்னத்தைப் பெருக்கியபோது முதலில் வந்தது அரையின் இடம். அது புள்ளிக்கு உடனே வலப்பக்கம். வகுத்தலோ பெருக்கலோ, முதலில் கிடைக்கும் இலக்கம் புள்ளியை ஒட்டி நிற்கும், அடுத்தடுத்தவை அதிலிருந்து விலகிப் போகும். 156.8125 என்ற எண்ணை எழுத வேண்டுமானால் முதலில் தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். மீதிகள் வர வர இடப்பக்கமாக எழுதிக்கொண்டே போங்கள். பெருக்கலில் வருபவற்றை வலப்பக்கமாக எழுதிக்கொண்டே போங்கள். 10011100.1101 என்று விடை தானாக உருவாகிவிடும். 16 அடிமானத்திலும் இதே கதைதான்: இடப்பக்கம் 9C, வலப்பக்கம் 0.8125 × 16 = 13 என்பதால் D. விடை 9C.D.

முழு எண்ணை வகுக்கும் வேலை எப்போதாவது முடிந்தே தீரும். ஈவு குறைந்துகொண்டே வந்து 0-இல் நிற்கும். பின்னத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 0.1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டால் பெருக்கினால் 0.2, அடுத்து 0.4, 0.8, பிறகு 1.6. ஒன்றைக் கழற்றிவிட்டு .6-ஐப் பெருக்கினால் 1.2. மறுபடி ஒன்றைக் கழற்றினால் பாக்கி .2. இந்த .2 ஏற்கெனவே வந்துபோன ஆள். இனி அதே படிகள், அதே இலக்கங்கள், முடிவே இல்லாமல்: 0.000110011001100... ஏற்கெனவே வந்த பாக்கி மறுபடி வந்துவிட்டால் கணக்கு சுழலில் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சுருக்கிய பின்னத்தின் பகுதி 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்காக இருந்தால் மட்டுமே இரும எண்ணில் அது முடியும். பத்துக்குள் ஒரு 5 ஒளிந்திருப்பதால் 1/10 முடியாது. பதின்ம முறையில் 1/3 முடிவதில்லை அல்லவா? அதே 1/3, 3 அடிமானத்தில் ஒரே இலக்கத்தில் 0.1 என்று முடிந்துவிடும்.

இதைக் கணினியிலேயே சோதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பைத்தான் மொழியில் இப்படி எழுதிப் பாருங்கள்:

```
x = 0.1
while x > 0:
    x = x * 2
    d = int(x)
    print(d, end="")
    x = x - d
```

கணக்குப்படி இது நிற்கவே கூடாது. ஆனால் 55 இலக்கங்களை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். பெருக்கல் தொடங்குவதற்கு முன்பே `x` என்ற இடத்தில் இருந்தது சரியான 0.1 அல்ல என்பதே காரணம். கணினி தனக்கு இருக்கும் இடத்துக்குள் வெட்டி, கடைசி இலக்கத்தைச் சரிக்கட்டி வைத்திருந்த, 0.1-க்கு மிக நெருங்கிய ஓர் இரும எண் அது. `0.1 + 0.2` என்று கேட்டால் `0.30000000000000004` என்று பதில் வருவதற்கும் இதுவே மூலம்.

இந்த வெட்டு ஒருமுறை போர்க்களத்தில் உயிர்ப்பலியில் போய் முடிந்தது. 1991 வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி கணக்கில் முழு எண்ணாக எண்ணிக்கொண்டே போகும். அதை விநாடியாக்க 0.1-ஆல் பெருக்குவார்கள். அந்த 0.1 இருந்தது 24 பிட் இடத்தில். முடிவில்லாத இரும எண்ணை அந்த 24 பிட்டில் அடைத்தபோது வெட்டுப்பட்ட பகுதி ஏறத்தாழ 0.000000095. ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் அமைப்பு 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணி நேரத்தில் பத்தில் ஒரு விநாடிகள் 36 லட்சம். ஒவ்வொன்றிலும் அந்தத் துளி விட்டுப்போனால் மொத்தம் 0.34 விநாடி. வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணை விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கடக்கக்கூடியது, 0.34 விநாடியில் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். ரேடார் அதைத் தவறான இடத்தில் தேடியது, அங்கே ஒன்றும் இல்லை. பிப்ரவரி 25 அன்று அந்த ஏவுகணை படைவீரர் குடியிருப்பின் மேல் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1992-இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கணக்கை விவரமாகப் பதிவு செய்திருக்கிறது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26 அன்று.

இவ்வளவுக்கும் முழு எண்ணாக எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. 36 லட்சம் என்ற எண்ணிக்கை கச்சிதமாகவே இருந்தது. பிசகு புகுந்தது புள்ளிக்கு வலப்பக்கம் மட்டும். பணக் கணக்கு எழுதும் நிரலாளர்கள் பலர் 10 ரூபாய் 10 பைசாவை 10.10 என்று வைக்காமல் 1010 பைசா என்று முழு எண்ணாகவே வைத்துக்கொள்வதும் இதனால்தான். பைத்தானில் `Decimal` என்ற தனி வகையும் இதற்காகவே இருக்கிறது.

பாடம் நடத்துகிறவர்களுக்கும் வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கரும்பலகை உதாரணத்துக்கு எளிதில் வாயில் வருகிற எண்கள் 9, 27, 45, பின்னத்துக்கு 0.625. இவற்றின் இரும வடிவங்கள் முறையே 1001, 11011, 101101, 0.101. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் இவை ஒன்றுதான். திசையைத் தவறாகப் பிடித்த மாணவரும் இதில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். பிழை அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடைசி இலக்கம் 0 ஆக வரும் ஓர் இரட்டைப்படை எண்ணையும், திருப்பிப் படித்தால் மதிப்பு மாறுகிற ஒரு பின்னத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.